பாலக்கோட்டுத் தம்பியின் கேட்ஜெட் சேனலுக்குப் பெயர் தேடியது: ஒரு நிகழ்வு ஆய்வு

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் அப்பாவின் மொபைல் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தம்பி, கேட்ஜெட் ரிவ்யூவுக்காக யூடியூப் சேனல் தொடங்க வேண்டும் என்று வந்தார். கேமராவும் மைக்கும் கையில் இருந்தன. இயர்பட்ஸ், பவர் பேங்க், ஸ்மார்ட் வாட்ச், விலை குறைந்த போன்கள் என்று என்னென்ன எடுக்கப்போகிறார் என்பதும் முடிவாகியிருந்தது. முடிவாகாமல் கிடந்தது பெயர் ஒன்றுதான். மாவட்டத்தின் சின்ன சேனல்கள் சிலவற்றுக்கு எடிட்டிங், செட்டப் வேலைகள் செய்து தருகிறவன் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பெயர் எப்படி அமைந்தது, எவற்றை ஏன் தள்ளினோம், வைத்த பிறகு என்ன தெரிந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். இவர் போல முதல் சேனல் தொடங்குகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

அவர் கொண்டுவந்த பட்டியலில் நான்கு பெயர்கள் இருந்தன. அப்பா சொன்னது கடையின் பெயர். அவருக்குப் பிடித்தது ‘தகடூர் டெக்’. நண்பர்கள் சொன்னது ‘தர்மபுரி டெக்’. கூகுளில் நன்றாக வரும் என்று யாரோ சொல்லிக் கேட்டது ‘தமிழ் கேட்ஜெட் ரிவ்யூ’.

பட்டியலுக்குள் போகும் முன் அவரிடம் ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டேன். ரிவ்யூ சேனலை ஒருவர் இரண்டு முறை தேடுகிறார். முதல் முறை அவர் தேடுவது பொருளை. ஏதோ ஒரு இயர்பட்ஸ் மாடலின் பெயரை அடிக்கிறார், அதில் நம் வீடியோ அவர் கண்ணில் படுகிறது. இந்தத் தேடலில் சேனல் பெயருக்கு வேலை ரொம்பக் குறைவு. வீடியோவின் தலைப்பும், உள்ளே பேசியதும், பார்த்தவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதும்தான் வேலை செய்யும். இரண்டாம் முறை அவர் தேடுவது நம்மை. “அன்னைக்கு ஒரு தம்பி நல்லா சொன்னானே, அந்தச் சேனல்” என்று நினைவிலிருந்து எதையோ அடிக்கிறார். பெயரின் உண்மையான வேலை இந்த இரண்டாம் தேடலில்தான். சேனல் பெயரில் ‘ரிவ்யூ’ என்று இருந்தால் வீடியோ மேலே வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் தேடலில் வந்தவர் இரண்டாம் தேடலில் தடுமாறாமல் இருக்க, அவர் முதலில் அடித்த சொல்லே நம் பெயரிலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது பட்டியல். ‘தமிழ் கேட்ஜெட் ரிவ்யூ’ பெயரே அல்ல, அது ஒரு தலைப்பு. அதை அடித்தால் யூடியூப் ஒரு சேனலைத் தேடுவதாக எடுத்துக்கொள்ளாது, தமிழில் இருக்கும் ஆயிரம் ரிவ்யூக்களையும் கொண்டுவந்து கொட்டும். அதில் பெரிய சேனல்கள்தான் மேலே நிற்கும். இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் யாரும் ‘கேட்ஜெட்’ என்று அடித்துத் தேடுவதில்லை. இயர்பட்ஸ், பவர் பேங்க், மாடல் பெயர், விலை என்றுதான் அடிக்கிறார்கள். ஆக, தேடுவதற்காகவே வைத்த பெயரை யாரும் தேடப்போவதில்லை.

‘தர்மபுரி டெக்’ வேறு வகைச் சிக்கல். ஊர்ப் பெயரோடு மொபைல் என்று தேடுகிறவருக்கு வேண்டியது கடை அல்லது சர்வீஸ் சென்டர். பழுது பார்க்க ஆள் தேடி வந்தவருக்கு ரிவ்யூ காட்டினால் உடனே போய்விடுவார். அதோடு தெலங்கானாவில், ஜக்தியால் மாவட்டத்தில், நரசிம்மர் கோயிலுக்குப் பெயர்போன இன்னொரு தர்மபுரி இருக்கிறது. வெறும் ஊர்ப் பெயரை வைத்தால் அந்த ஊர் வீடியோக்களோடும் கலந்து நிற்க வேண்டியிருக்கும்.

‘தகடூர் டெக்’ எனக்கும் பிடித்திருந்தது. அதியமான் ஆண்ட ஊரின் பழைய பெயர், நம் மாவட்டத்துக்காரருக்குச் சொன்னவுடன் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதை உடனே தள்ளாமல் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். கடைக்கு ரீசார்ஜ், டெம்பர்டு கிளாஸ் என்று வருகிறவர்களிடம் பெயரை வாயால் மட்டும் சொல்லி, அவர்கள் போனிலேயே யூடியூப்பில் அடிக்கச் சொல்ல வேண்டும். எழுத்தைச் சொல்லக் கூடாது, திருத்தக் கூடாது, அடித்ததை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். வந்தவை இவை:

```
thagadur tech
thagadoor tech
tagadur tech
thakadur tec
thagadu tech
```

வாய்ஸ் சர்ச்சில் சொன்னவர்களுக்கு ‘தகடு’ என்று வந்து நின்றது. தகரத் தகடு, சோலார் தகடு வீடியோக்கள் வரிசையாக வந்தன. த, க, ட மூன்றும் ஒரே சொல்லில் வருகின்றன, ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாக எழுதலாம். கடைசியில் ஊ வேறு. நினைவில் நிற்கும் பெயர்தான், ஆனால் நினைவிலிருந்து விரலுக்கு வரும்போது சிதறிவிடுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு வெளியே இருப்பவருக்கு நினைவிலும் நிற்காது.

கடைப் பெயர் விஷயத்தில் அப்பாவிடம் பேசுவதுதான் சிரமமாக இருந்தது. “கடைக்கும் விளம்பரம் ஆகும்ல” என்றார். நியாயமான ஆசை. ஆனால் கடைப் பெயரில் வரும் ரிவ்யூவைப் பார்க்கிறவர், இவன் விற்கிற பொருளைத்தான் நல்லது என்கிறான் என்று நினைப்பார். ‘இதை வாங்காதீர்கள்’ என்று சொன்னால்கூட, தன் கடையில் இல்லாததால் சொல்கிறான் என்று தோன்றும். கடை இருப்பதை ஒவ்வொரு வீடியோவின் விளக்கத்திலும் வெளிப்படையாக எழுதிவிடுவது, பெயரில் மட்டும் வேண்டாம் என்பது என்று முடிவாகி, அவரும் ஒத்துக்கொண்டார்.

நான்கும் போனபின், பெயரை எங்கே தேடுவது? இங்கேதான் கடை உதவியது. கவுண்டரில் நின்று கேட்டாலே போதும். போன் வாங்க வருகிறவர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு படத்தைக் காட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: “இது வாங்கலாமா?” பொருள் மாறுகிறது, விலை மாறுகிறது, அந்தக் கேள்வி மாறுவதில்லை. தேடலிலும் அப்படித்தான். மாடல் பெயர் மாறும் பாதி. அது வீடியோ தலைப்பின் வேலை. மாறாத பாதி எதுவோ, அது சேனல் பெயருக்கு உரியது.

கவுண்டரில் கேட்பதும் தேடலில் அடிப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இன்காக்னிட்டோ விண்டோவில், லாகின் செய்யாமல், யூடியூப் தேடல் பெட்டியில் ஒரு பழகிய மாடல் பெயரை அடித்துவிட்டு நிறுத்திப் பார்த்தோம். சொந்த அக்கவுண்டில் பார்த்தால் நாம் முன்பு தேடியதையே திருப்பிக் காட்டும், அதை நம்பக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தோம். v ஒன்றை மட்டும் அடித்தால் vs என்று ஒப்பீடுகள்தான் வரிசையாக நிற்கும். va, van என்று போனபோதுதான் ‘வாங்கலாமா’ என்ற நம் சொல் தலைகாட்டியது. இதிலிருந்து அந்தச் சொல்லை மக்கள் அடிக்கிறார்கள் என்பது தெரிந்தது. ‘ரிவ்யூ தமிழ்’ என்று அடிப்பவர்கள் அதைவிட அதிகம் என்பதும் தெரிந்தது. கூகுள் டிரெண்ட்ஸில் ‘யூடியூப் தேடல்’ என்பதைத் தேர்ந்து, தமிழ்நாடு என்று வைத்துப் பார்க்கலாம். ஆனால் குறைவாகத் தேடப்படும் சொல்லுக்கு அங்கே வரைபடமே வராது. வரவில்லை என்பதால் யாருமே தேடவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன சொற்களுக்குத் தேடல் பெட்டியின் பரிந்துரைகளே நம்பகமானவை.

வேறு மாறாத சொற்களையும் எடுத்துப் பார்த்தோம். தம்பிக்கு ‘ஆறு மாசம் கழிச்சு’ என்று வைக்க ஆசை, பொருளைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு பேசுவது என்ற எண்ணத்தில். எண்ணம் அருமை. ஆனால் அதில் ழகரம் இருக்கிறது. zh போடுகிறவர், l போடுகிறவர், இரண்டும் தெரியாமல் s போட்டுக் ‘கழிச்சு’வை வேறு எதுவோ ஆக்குகிறவர் என்று மூன்று பாதை பிரியும். முதல் வீடியோவுக்கே ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டும். அதை ஒரு பிளேலிஸ்ட்டின் பெயராக வைத்துக்கொள்ளச் சொன்னேன். விலையைப் பெயரில் போடுவதையும் தள்ளினோம். இன்று ஆயிரத்து ஐநூறுக்குள் என்று வைத்தால், நாளை அவர் இருபதாயிரம் ரூபாய் போனைப் பேசும்போது பெயரே குறுக்கே நிற்கும்.

சரி, ‘வாங்கலாமா’ மட்டும் போதுமா? போதாது. அது எல்லாருடைய வீடியோ தலைப்பிலும் இருக்கிற சொல். தனியாக அடித்தால் மற்றவர் வீடியோக்கள்தான் வரும். நாங்கள் பார்த்தபோது அந்த ஒற்றைச் சொல்லில் ஹேண்டிலும், அதாவது @ போட்டு வரும் சேனல் முகவரியும், காலியாக இல்லை. தேடும் சொல்லோடு, நம்மைத் தனித்துக் காட்டும் இன்னொரு சின்ன சொல் ஒட்ட வேண்டும். ஒட்டுகிற சொல்லுக்கு நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: அதை ஆங்கில எழுத்தில் ஒரே விதமாகத்தான் எழுத முடிய வேண்டும். ‘தம்பி’ என்றால் thambi, tambi இரண்டும் வரும். ‘அண்ணா’ என்றால் anna, annaa என்பதோடு, தேடல் முடிவில் பேரறிஞர் அண்ணாவும் பல்கலைக்கழகமும் வந்து நிற்கும். ‘ப்ரோ’ என்றால் bro, மூன்று எழுத்து, வேறு வழியே இல்லை. கமெண்ட்டில் ஆண், பெண் எல்லாரும் ஏற்கெனவே எழுதுவதும் அதுதான்: “ப்ரோ இத வாங்கலாமா?” முன்பின் மாற்றினால் பெயர் தயார்: ‘வாங்கலாமா ப்ரோ’.

மறுபடி கவுண்டர் சோதனை. இந்த முறை vangalama bro என்றே பெரும்பாலும் வந்தது. சிலர் vaangalama என்று இரண்டு a போட்டார்கள். நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது நெடிலுக்கு இரண்டு எழுத்து போட்டு மெனக்கெடுவதில்லை. அதனால் ஹேண்டிலுக்கு எப்போதும் குறுகிய எழுத்துக்கூட்டலையே எடுக்க வேண்டும், உச்சரிப்புக்குச் சரியானது அதுவல்ல என்றாலும். நீண்ட வடிவங்களைச் சேனல் செட்டிங்கில் இருக்கும் கீவேர்டு பெட்டியில் போட்டு வைத்தோம். அதனால் பெரிய பலன் வரும் என்று சொல்ல மாட்டேன். எழுத்துப் பிழையோடு தேடுகிறவர்களுக்காக அப்படி வைப்பதில் நஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ஹேண்டில். யூடியூப் 2022 அக்டோபரில் ஹேண்டில் முறையை அறிவித்தது. அதிலிருந்து சேனல் பெயரும் ஹேண்டிலும் வெவ்வேறு. பெயர் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கலாம், ஹேண்டில் ஒருவருக்குத்தான். ஹேண்டிலுக்கு 3 முதல் 30 எழுத்து வரை அளவு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. புள்ளி, அடிக்கோடு, இடைக்கோடு போடலாம். சேனல் தொடங்கும்போது நாம் கவனிக்காமல் விட்டால், பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் சில எழுத்தும் எண்ணும் சேர்த்து யூடியூப்பே ஒன்றைக் கொடுத்துவிடும். பல சின்ன சேனல்கள் இன்றும் அந்த வாலோடுதான் இருக்கின்றன.

ஆனால் யூடியூப்பின் விதியை மட்டும் பார்த்து ஹேண்டில் எடுப்பது தவறு. அதே பெயர் மற்ற தளங்களிலும் வேண்டும், அங்கே விதிகள் வேறு. இன்ஸ்டாகிராமில் புள்ளியும் அடிக்கோடும் உண்டு, இடைக்கோடு கிடையாது. எக்ஸ் தளத்தில் புள்ளியும் கிடையாது, மொத்தமே 15 எழுத்துதான். டெலிகிராமில் குறைந்தது 5 எழுத்து வேண்டும், எண்ணில் தொடங்கக் கூடாது, அடிக்கோடு தவிர வேறு குறி இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வழி ஒன்றுதான்: எழுத்து மட்டும், குறி எதுவும் வேண்டாம், 15-க்குள். முதல் பட்டியலில் இருந்த tamilgadgetreview 17 எழுத்து, எக்ஸிலேயே நின்றுவிடும். vangalamabro 12 எழுத்து, எல்லா இடத்திலும் நுழையும். குறி இல்லாததால் வாயால் சொல்லவும் சுலபம். வீடியோவில் ‘அண்டர்ஸ்கோர் போட்டு’ என்று சொல்ல ஆரம்பித்தால் பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள்.

தமிழ் எழுத்திலேயே ஹேண்டில் வைக்கலாமே என்று தம்பி கேட்டார். மொழிப் பற்றில் வந்த கேள்வி, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் முகவரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் போடும்போது பிரவுசர்கள் தமிழ் எழுத்தைக் குறியீடாக மாற்றிவிடுவது வழக்கம். ‘வாங்கலாமா’ என்ற ஒரு சொல் மட்டும் இப்படி ஆகும்:

```
%E0%AE%B5%E0%AE%BE%E0%AE%99%E0%AF%8D%E0%AE%95
%E0%AE%B2%E0%AE%BE%E0%AE%AE%E0%AE%BE
```

இங்கே இரண்டு வரியாக மடக்கியிருக்கிறேன், உண்மையில் ஒரே தொடர்தான், 81 குறிகள். பார்க்கிறவர் ஏதோ ஏமாற்று லிங்க் என்று தொடவே பயப்படுவார். இன்ஸ்டாகிராமும் எக்ஸும் பயனர்பெயரில் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை. அதனால் ஹேண்டில் ஆங்கில எழுத்தில், சேனல் பெயர் Vangalama Bro, அப்புறம் யூடியூப் ஸ்டுடியோவின் கஸ்டமைசேஷன் பக்கத்தில் மொழி சேர்க்கும் வசதியில் தமிழைச் சேர்த்து ‘வாங்கலாமா ப்ரோ’ என்ற பெயரையும் விளக்கத்தையும் கொடுத்தோம். யூடியூப்பைத் தமிழில் வைத்திருப்பவருக்குத் தமிழ்ப் பெயர் தெரியும். பேனர் படத்தில் தமிழ் எழுத்து பெரிதாக இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு எழுத்தையும் கோடு போட்டுச் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. போன் திரையில் அது பாதியில் வெட்டுப்பட்டு, இரண்டுமே முழுதாகத் தெரியாது.

காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. பிரவுசரில் youtube.com/@ என்று போட்டுப் பெயரை அடித்து, பக்கம் இல்லை என்று வந்தால் கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. நீக்கப்பட்டதோ ஒதுக்கி வைத்ததோ ஆக இருக்கலாம். ஸ்டுடியோவில் ஹேண்டில் பெட்டியிலேயே அடித்துப் பார்ப்பதுதான் கடைசி வார்த்தை. எல்லாத் தளங்களிலும் ஒரே உட்காரலில் பதிவு செய்துவிட வேண்டும், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடக் கூடாது. இதோடு இந்திய வணிகச்சின்னப் பதிவேட்டின் பொதுத் தேடலில் மின்னணுப் பொருட்களுக்கான 9-ஆம் வகுப்பிலும், கல்வி, பொழுதுபோக்குக்கான 41-ஆம் வகுப்பிலும் பெயரை அடித்துப் பார்த்தோம். கம்பெனிப் பெயர் எதையும் சேனல் பெயரில் சேர்க்காததும் இதே காரணத்துக்குத்தான். அந்தக் கம்பெனியின் அதிகாரப்பூர்வ சேனல்போலத் தோன்றினால் ஆள்மாறாட்ட விதியில் மாட்டும்.

பெயர் கிடைத்த அன்றே கடை வாசலுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கத் தம்பி கிளம்பிவிட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். யூடியூப்பில் பெயரையும் ஹேண்டிலையும் 14 நாளில் இரண்டு முறை மாற்றலாம். ஹேண்டிலை மாற்றினால் பழையதை 14 நாள் நமக்காக வைத்திருக்கும், அதுவரை பழைய முகவரியும் வேலை செய்யும். பிறகு அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அச்சடித்த ஃபிளெக்ஸில் இருக்கும் முகவரி வேறொருவரின் சேனலுக்குப் போனால் என்ன ஆகும் என்று சொன்னதும் புரிந்துகொண்டார். சில வீடியோ போட்டு, பெயர் ஓடுகிறதா என்று பார்த்தபின் அடித்தால் போதும்.

வீடியோ தலைப்புக்கு ஒரு வடிவம் வைத்தோம்: முதலில் மாடல் பெயர், அடுத்து ‘வாங்கலாமா?’, கடைசியில் Tamil Review. தலைப்புக்கு 100 எழுத்து வரை இடம் இருந்தாலும் போனில் முன்பகுதிதான் தெரியும், அதனால் மாடல் பெயர் எப்போதும் முன்னால். அதிகம் தேடப்படும் ‘ரிவ்யூ தமிழ்’ சேனல் பெயரில் இல்லாமல் தலைப்பில் வந்துவிட்டது. பெயரில் இருக்கும் சொல்லும் நடுவில் வந்துவிட்டது. இந்தப் பெயர் ஒரு கட்டாயத்தையும் கொண்டுவந்தது. ஒவ்வொரு வீடியோவிலும் வாங்கலாம், வேண்டாம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஸ்மார்ட் வாட்ச்சைப் பெட்டி பிரித்துக் காட்டிவிட்டு முடிவு சொல்லாமல் விட்ட வீடியோவின் கமெண்ட்டில், “அப்போ வாங்கலாமா வேணாமா ப்ரோ?” என்றுதான் அதிகம் பேர் கேட்டிருந்தார்கள். போன் செட்டிங் டிப்ஸ், புது மாடல் செய்தி மாதிரி வீடியோக்கள் இந்தப் பெயருக்குள் அடங்காது. அவற்றைத்தான் அதிகம் செய்யப்போகிறவர் இப்படிப்பட்ட பெயரை எடுக்கக் கூடாது.

பெயர் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைப் பார்த்தால் தெரியாது. ஸ்டுடியோ அனலிட்டிக்ஸில் வருகை எங்கிருந்து என்ற பகுதியில் ‘யூடியூப் தேடல்’ என்பதைத் தொட்டால், என்னென்ன அடித்து வந்தார்கள் என்ற பட்டியல் விரியும். தொடக்கத்தில் அது முழுக்க மாடல் பெயர்களாகவே இருக்கும், அது இயல்பு. அதன் நடுவே நம் பெயரின் ஏதாவது ஒரு வடிவம் வரத் தொடங்கினால் இரண்டாம் தேடல் நடக்கிறது என்று பொருள். வீடியோக்கள் ஓடியும் மாதக்கணக்கில் பெயர் அந்தப் பட்டியலில் வரவே இல்லை என்றால் பெயர் யார் நினைவிலும் நிற்கவில்லை. இன்னொரு அறிகுறி, நம் பெயரை அடித்தால் யூடியூப் அதைத் திருத்தி வேறு சொல்லுக்கு முடிவு காட்டுவது. புதுச் சேனலுக்கு முதல் சில வாரம் இது நடக்கலாம். வீடியோ கூடியபின்னும் தொடர்ந்தால் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

இவருடைய பட்டியலில் பெயர் வந்தது, ஆனால் நான் எதிர்பார்த்தபடி மட்டும் அல்ல. vangalama bro இருந்தது. அதோடு vangalama anna, vangalama tamil, வெறும் vangalama channel என்றும் இருந்தது. கேள்வி நினைவில் நின்றிருக்கிறது. விளிப்பை அவரவர் வாய்க்கு வந்தபடி போட்டுக்கொள்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிக்கொண்டு தமிழ் வீடியோ பார்க்கிறவர்கள் நிறைய. அவர்களில் ஒருவர் bro review tamil என்று தேடி அலைந்து கடைசியில் கண்டுபிடித்ததாகக் கமெண்ட்டில் எழுதியிருந்தார். அவருக்கு நின்றது பின்பாதி.

இதற்காகப் பெயரை மாற்ற வேண்டாம் என்றேன். தனித்துக் காட்ட வைத்த பாதி பலவீனமாக இருக்கிறது, அதைப் பழக்கப்படுத்தினால் போதும். இப்போது தம்பி ஒவ்வொரு வீடியோவிலும் முடிவைச் சொல்லும் இடத்தில் முழுப் பெயரையும் சொல்கிறார், அதே நொடியில் @vangalamabro திரையின் கீழே வருகிறது. வீடியோ தொடக்கத்தில் வைத்திருந்ததை அங்கே மாற்றியதற்குக் காரணம், தீர்ப்புக்காகக் காத்திருக்கும் இடத்தில்தான் பார்க்கிறவரின் கவனம் முழுதாக இருக்கிறது. தீபாவளி விற்பனைக் காலத்தில் தேடல் கூடும். அது முடிந்ததும் அந்தப் பட்டியலை மறுபடி எடுத்து, anna-வும் bro-வும் எப்படி நிற்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் ஃபிளெக்ஸ்.